ஒரு சதுர கிலோமீட்டர் புல்: பிளெண்டரில் எங்கே வெட்டுவது?

நிலம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம். மெஷ்ஷில் ஒரு பக்கத்துக்கு 501 புள்ளிகள், அதாவது ஒவ்வொரு சதுர முகமும் 2 மீட்டருக்கு 2 மீட்டர். மேடு பள்ளம் இருக்கிறது, நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. கேமரா ஆள் உயரத்தில் அந்தப் பாதையை ஒட்டியே நகர்கிறது. இதில் புல், மரம், பாறை மூன்றையும் தூவ வேண்டும்.

இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, பழைய ஹேர் பார்ட்டிகிளா, ஜியோமெட்ரி நோட்ஸா என்பதுதான். அதற்குப் பதில் சுருக்கமானது. ஹேர் பார்ட்டிகிளில் நீங்கள் கொடுப்பது மொத்த எண்ணிக்கை. ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை என்று கொடுக்க முடியாது. இரண்டு மரங்களுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று சொல்லவும் வழியில்லை, அதனால் மரத்துக்குள் மரம் முளைத்து நிற்கும். பாறை இருக்கும் இடத்தில் புல் வேண்டாம் என்றால் வெயிட் பெயிண்டை எடுத்துக் கையால் வரைவதுதான் வழக்கம். நகராத கேமரா, சின்னத் தோட்டம், ஒரே ஒரு ஸ்டில் என்றால் இன்றும் அது ஐந்து நிமிட வேலை, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு கிலோமீட்டருக்கு அது வேண்டாம். ஜியோமெட்ரி நோட்ஸ் 2021-இல் 2.92 பதிப்போடு வந்தது, அதே ஆண்டு இறுதியில் 3.0 பதிப்பில் ஃபீல்டு முறை வந்த பிறகு இந்த வேலைக்கு முழுதாகத் தயாராகிவிட்டது. இந்தக் கட்டுரையில் வரும் மேட்ரிக்ஸ் நோட்களுக்கு மட்டும் 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை.

உண்மையில் யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் வேறு. மரமும் பாறையும் எண்ணிக்கையில் குறைவு, அவை எப்படி வைத்தாலும் சமாளித்துவிடும். புல்தான் கணினியைச் சாய்க்கும். ஒரு சதுர மீட்டருக்கு 20 கொத்து என்று வைத்தால் மொத்த நிலத்துக்கு 2 கோடி கொத்து. இன்ஸ்டன்ஸ் என்பதால் மெஷ் ஒரு முறைதான் நினைவகத்தில் இருக்கும், சரி. ஆனால் ஒவ்வொரு கொத்தும் எங்கே, எந்தப் பக்கம் திரும்பி, எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்பதைச் சொல்லும் மேட்ரிக்ஸ் தனித்தனியாக வேண்டும். அது ஒன்றுக்கு 64 பைட். 2 கோடிக்கு அதுவே 1.28 ஜிபி. இதன்மேல் ரெண்டர் செய்யும் சைக்கிள்ஸ் தன் பங்குக்கு ஒவ்வொன்றையும் ஒரு ஆப்ஜெக்டாக எடுத்து அடுக்கிக்கொள்ளும். அதனால் புல்லைக் குறைத்தே ஆக வேண்டும். எதைக் கொண்டு குறைப்பது, எந்தக் கட்டத்தில் குறைப்பது என்பதுதான் கேள்வி.

கேமரா பார்க்கும் இடம் எவ்வளவு?

குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று முதலில் பார்த்துவிடலாம். பிளெண்டரின் வழக்கமான கேமராவுக்கு 50 மி.மீ. லென்ஸ், 36 மி.மீ. சென்சார். பாதி சென்சாரை லென்ஸால் வகுத்தால் 18/50, அதாவது 0.36. கேமராவிலிருந்து 100 மீட்டர் தள்ளி, நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் 36 மீட்டர் வரை தெரியும் என்று பொருள். ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்பதற்காக 0.45 என்று வைத்துக்கொள்கிறேன். 100 மீட்டர் ஆழம் வரையிலான முக்கோணத்தின் பரப்பு 0.45 × 100 × 100, அதாவது 4,500 சதுர மீட்டர். 20 கொத்து வீதம் 90,000. இரண்டு கோடி எங்கே, தொண்ணூறாயிரம் எங்கே!

தூரத்தை எங்கே நிறுத்துவது என்பதையும் கணக்கே சொல்லிவிடும். 300 மீட்டர் தள்ளி ஃப்ரேமின் அகலம் 216 மீட்டர். 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஒரு மீட்டருக்கு 9 பிக்சல்கூட வராது. 30 செ.மீ. அகலமுள்ள கொத்து மூன்று பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதற்கு அப்பால் புல் வைப்பதில் அர்த்தமில்லை, தரையின் மெட்டீரியலில் புல்லின் நிறம் இருந்தால் போதும். 4K படமென்றால் இந்த எல்லையைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

ஒரு புள்ளி கேமராவுக்குள் விழுகிறதா என்று கண்டுபிடிக்க: Object Info நோடில் கேமராவைக் கொடுத்து Relative என்று மாற்றுங்கள். அதன் Transform வெளியீட்டை Invert Matrix வழியாக Transform Point நோடுக்குக் கொண்டுபோய், Position-ஐ அதில் கொடுங்கள். இப்போது கிடைக்கும் p, கேமராவின் கண்ணிலிருந்து பார்த்த இடம். கேமரா எதிர் Z திசையில்தான் பார்க்கும், அதனால் 100 மீட்டர் வரைக்குமான சோதனை இவ்வளவுதான்:

```
-p.z > -4
abs(p.x) < 0.45 * (-p.z) + 4
length(p) < 100
```

அந்த 4 மீட்டர், முகத்தின் அளவைவிட இரண்டு மடங்கு. கேமராவின் காலடியில் இருக்கும் முகங்கள் விட்டுப்போகாமல் இருக்க அது தேவை. மேல் கீழ் எல்லையை நான் சோதிப்பதில்லை. ஆள் உயரக் கேமராவில் அதனால் மிச்சமாவது கொஞ்சம்தான்.

மூன்று வெட்டுகள்

எது உள்ளே, எது வெளியே என்று சொல்லும் இந்தச் சோதனைதான் நம் முகமூடி. இதை மூன்று இடங்களில் செருகலாம். Distribute Points on Faces நோடுக்கு முன்பே, வெளியில் விழும் முகங்களை Delete Geometry கொண்டு அழித்துவிடலாம். அல்லது முகங்களைத் தொடாமல், அந்த நோடின் Density உள்ளீட்டில் முகமூடியைப் பெருக்கிக் கொடுக்கலாம். அல்லது நிலம் முழுக்கப் புள்ளிகளை உருவாக்கவிட்டு, அப்புறம் வேண்டாத புள்ளிகளை அழிக்கலாம். ஸ்டில் படத்தில் மூன்றும் ஏறத்தாழ ஒரே படத்தைத்தான் தரும். கேமரா நகரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

முகத்தை அழிப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு ஃப்ரேமைத் தனியாக ரெண்டர் செய்து பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. இரவு முழுக்க ஓடிய 200 ஃப்ரேமை மறுநாள் ஓட்டிப் பார்த்தால், புல்வெளி மொத்தமும் கொதிக்கிற கஞ்சி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒவ்வொரு கொத்தும் வேறு இடத்தில். காரணம் இதுதான்: Distribute நோட் முகங்களை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்திலும் புள்ளிகளை எறிவதற்கான விதையை, நீங்கள் கொடுத்த Seed-ஐயும் அந்த முக்கோணத்தின் வரிசை எண்ணையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. கேமரா ஓர் அடி நகர்ந்ததும் சில முகங்கள் அழிகின்றன, சில திரும்பி வருகின்றன. மிச்சமிருக்கும் முக்கோணங்களுக்குப் புது வரிசை எண். எண் மாறினால் விதை மாறும், விதை மாறினால் புல் இடம் மாறும்.

Density வழியில் இந்தத் தொல்லை இல்லை. முகங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, வரிசை எண்ணும் மாறவில்லை. வெளியில் இருக்கும் முக்கோணத்துக்கு அடர்த்தி பூஜ்யம், அதில் புள்ளியே பிறக்காது, நேரமும் செலவாகாது. எல்லையில் ஒரு முக்கோணத்தின் அடர்த்தி ஏறும்போதுகூட ஏற்கெனவே இருக்கும் புள்ளிகள் இடத்தில் நிற்கும், புதியவை அவற்றுக்குப் பின்னால் வந்து சேரும். கேமரா நகரும் எந்த ஷாட்டுக்கும் கேமரா முகமூடியை நான் இங்கேதான் வைப்பேன்.

சரி, எல்லா முகமூடியையும் Density-யிலேயே வைத்துவிடலாமே? முடியாது. அந்த உள்ளீடு மெஷ்ஷின் மூலைகளில்தான் கணக்கிடப்படுகிறது. Random முறையில் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளின் சராசரிதான் அந்த முக்கோணம் முழுவதற்கும் அடர்த்தி. நம் முகம் 2 மீட்டர். ஒற்றையடிப் பாதையோ அரை மீட்டர். பாதையை Density-யில் வெட்டப் பார்த்தால் ஓரங்கள் ரம்பப் பல் போல முக்கோணம் முக்கோணமாகத் தெரியும், சில இடங்களில் பாதையே காணாமல் போகும். மேலிருந்து பார்த்தால் உடனே தெரியும், ஆள் உயரத்தில் பார்த்தால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

இப்படி முகத்தைவிடச் சிறிய விஷயங்களுக்கு மூன்றாவது வெட்டுதான் சரி. புள்ளிகள் பிறந்த பிறகு Delete Geometry வைத்தால், ஒவ்வொரு புள்ளியும் தான் நிற்கும் இடத்தில் சோதிக்கப்படும். பாதையை ஒரு கர்வாக வரைந்து, அதை மெஷ்ஷாக மாற்றி Geometry Proximity-யின் Edges முறைக்குக் கொடுத்து, தூரம் 0.3 மீட்டருக்குக் குறைவென்றால் அழி என்று சொன்னால் ஓரம் துல்லியமாக வரும். பாறைகளுக்கும் அப்படியே: பாறைகளுக்காகத் தூவிய புள்ளிகளையே Geometry Proximity-யின் Points முறைக்குக் கொடுத்து, பாறையின் ஆரத்துக்குள் நிற்கும் புல்லை எடுத்துவிடலாம். இப்படிப் பின்னால் அழிப்பது மற்றப் புள்ளிகளை நகர்த்தாது. Distribute நோட் ஒவ்வொரு புள்ளிக்கும் மாறாத ஓர் ID-யையும் ஒட்டி அனுப்புகிறது. Random Value நோடின் ID உள்ளீட்டைச் சும்மா விட்டுவைத்தால் அது அந்த ID-யையே எடுத்துக்கொள்ளும், பக்கத்துக் கொத்து அழிந்தாலும் இந்தக் கொத்தின் திருப்பமும் அளவும் மாறாது. அங்கே Index-ஐக் கொண்டுபோய்ச் செருகினீர்கள் என்றால் பழைய கஞ்சிக் கதைதான், இந்தத் தடவை கொத்துகள் நின்ற இடத்திலேயே சுழலும்.

மூன்றாவது வெட்டை மட்டும் வைத்து எல்லாவற்றையும் செய்யலாமா என்றால், 2 கோடிப் புள்ளிகளை ஒவ்வொரு ஃப்ரேமிலும் பிறக்கவைத்து அதில் பெரும்பகுதியைக் கொல்ல வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் வைப்பது: கேமரா, தூரம், சரிவு போன்ற பெரிய முகமூடிகள் Density-யில், பாதை, பாறை போன்ற சின்னவை புள்ளிகளில்.

கொத்தா, திட்டா?

ஒரு புள்ளியில் எதை வைப்பது என்பதும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. ஒற்றைப் புல்லாக வைத்தால் அழகு, ஆனால் ஒரு கொத்தில் 20 புல் என்றால் 90,000 என்பது 18 லட்சமாகிவிடும். நேர்மாறாக, ஒரு மீட்டர் அகலத் திட்டாக வைத்தால் 4,500-லேயே தரை மூடிவிடும். திட்டின் சிக்கல் மேடு பள்ளத்தில் வரும். நிலம் 15 டிகிரி மடங்கும் இடத்தில் திட்டின் நடுப்பகுதி தரையில் இருந்தால், அரை மீட்டர் தள்ளி அதன் ஓரம் 13 செ.மீ. அந்தரத்தில் நிற்கும். 25 செ.மீ. உயரப் புல்லுக்கு அது பாதி உயரம், வேர் தெரிந்துவிடும். 30 செ.மீ. கொத்தில் அதே மடிப்பு 4 செ.மீ. மட்டும்தான், கொத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால் மறைந்துவிடும்.

அதே 13 செ.மீ. 200 மீட்டர் தள்ளி இரண்டு பிக்சலுக்கும் குறைவு. எனவே 100 மீட்டர் வரை கொத்து, 100 முதல் 300 மீட்டர் வரை திட்டு. இதற்கு இரண்டு Distribute நோட் தனித்தனியாக வைத்து, தூர முகமூடியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். அந்தத் தூரப் பட்டையின் பரப்பு 36,000 சதுர மீட்டர், மீட்டருக்கு ஒரு திட்டு என்றால் 36,000. ஆக மொத்தம் 1,26,000 இன்ஸ்டன்ஸ். இரண்டும் சேருமிடத்தில் கோடு போட்டது போல் தெரியாமலிருக்க, 90 முதல் 110 மீட்டர் வரை ஒன்று குறைந்து மற்றது ஏறும்படி Map Range வைப்பது நல்லது.

இலைப் படத்தை ஒட்டிய அட்டைகளாகப் புல் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. முக்கோண எண்ணிக்கை குறையும் என்பதால் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சைக்கிள்ஸில் ஒரு கதிர் எத்தனை ஒளிபுகும் பரப்பைத் தாண்டலாம் என்பதற்கு எல்லை உண்டு, Light Paths பகுதியில் Transparent என்ற பெயரில், வழக்கமாக 8. அடர்ந்த புல்லைத் தாழ்வான கோணத்தில் பார்த்தால் எட்டு அட்டைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும், அங்கே கறுப்புத் திட்டுகள் தெரியும். எல்லையை ஏற்றினால் கறுப்பு போகும், நேரம் கூடும். இன்ஸ்டன்ஸ் எப்படியும் மெஷ்ஷை ஒரு முறைதான் வைத்திருக்கிறது, அதனால் உண்மையான வடிவத்தோடு புல்லைச் செய்துவிடுவதையே நான் விரும்புவேன். ஆனால் வழியில் எங்கேயும் Realize Instances வந்துவிடக் கூடாது. 600 முக்கோணமுள்ள கொத்து 90,000 என்றால் அந்த ஒரு நோட் அதை 5.4 கோடி முக்கோணமாக விரித்துவிடும்.

மரமும் பாறையும்

மரத்துக்கு Poisson Disk. Distance Min-இல் 6 மீட்டர் கொடுத்தால் இரண்டு மரம் அதைவிட நெருங்காது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த முறை முதலில் Density Max அளவுக்குப் புள்ளிகளை எறிந்துவிட்டு, அப்புறம்தான் நெருக்கமானவற்றைக் களைகிறது. Density Max-இன் தொடக்க மதிப்பு 10. நம் நிலத்தில் அது ஒரு கோடிப் புள்ளி. அதில் மிஞ்சப்போவது சுமார் 19,000 மரம். பிளெண்டர் உறைந்து நிற்கும்போது மரம் கனமாக இருக்கிறது என்று நினைத்து மரத்தின் மெஷ்ஷைக் குறைக்கக் கிளம்புவார்கள், பிழை அங்கே இல்லை. 0.1 என்று மாற்றுங்கள். ஒரு லட்சம் புள்ளி எறிந்து 14,000-க்குச் சற்று மேல் மரம் மிஞ்சும், கொஞ்சம் வெற்றிடம் இருப்பது காட்டுக்கு இயல்பாகவும் இருக்கும்.

Poisson முறையில் Density Factor களைந்த பிறகுதான் வேலை செய்கிறது. அதனால் கேமரா முகமூடியை அங்கே வைத்தாலும் நேரம் மிச்சமாகாது, புல்லுக்கு Random எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மரத்துக்குக் கேமரா முகமூடியே வேண்டாம். சூரியன் 20 டிகிரி உயரத்தில் இருந்தால் 12 மீட்டர் மரத்தின் நிழல் 33 மீட்டர் நீளும். ஃப்ரேமுக்கு வெளியே நிற்கும் மரத்தை வெட்டினால் உள்ளே விழுந்துகொண்டிருந்த நிழல் திடீரென்று காணாமல் போகும். 14,000 இன்ஸ்டன்ஸ்தானே, முழுதாக இருந்துவிட்டுப் போகட்டும். Distribute தரும் Rotation வெளியீட்டை மரத்துக்கு இணைக்காதீர்கள், சரிவில் மரம் சாய்ந்து முளைக்கும். மரத்துக்கு Z அச்சில் மட்டும் கண்டபடி திருப்பம் போதும். பாறைக்கு அதே Rotation வெளியீடு சரியாகப் பொருந்தும், அது தரையின் சாய்வோடு படுத்துக்கொள்ளும். சரிவுக்கான சோதனையில் Normal-இன் Z மதிப்பு 0.82-க்கு மேல் என்றால் சுமார் 35 டிகிரிக்குள். அங்கே மரமும் புல்லும், அதைவிடச் செங்குத்தான இடத்தில் பாறை.

பாறைத் தொகுப்பை Collection Info-வில் கொடுக்கும்போது Separate Children, Reset Children இரண்டையும் டிக் செய்து, Instance on Points-இல் Pick Instance-ஐயும் போடுங்கள். விட்டுவிட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பாறைக்குப் பதில் மொத்தப் பாறைக் கூட்டமும் வந்து உட்காரும்.

இன்னும் இரண்டு கோளாறுகள் நிலத்திலிருந்தே வருபவை. 2 மீட்டர் பிளேனை ஆப்ஜெக்ட் மோடில் 500 மடங்கு பெரிதாக்கி நிலம் செய்திருந்தால், நோடுக்கு அது இன்னும் 4 சதுர மீட்டர்தான். 20 வீதம் 80 கொத்து மட்டும் வரும், ஒவ்வொன்றும் 500 மடங்கு பெரிதாக, மலை போல நிற்கும். Ctrl+A அழுத்தி Scale-ஐ அப்ளை செய்தால் தீர்ந்தது.

இரண்டாவது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. நிலத்தில் Subdivision மாடிஃபயர் இருந்து, வியூபோர்ட்டில் 1, ரெண்டரில் 3 என்று வைத்திருந்தால், ரெண்டரில் முக்கோணங்களே வேறு. வரிசை எண்ணும் வேறு. மணிக்கணக்கில் கேமராவுக்கு முன்னால் ஒழுங்குபடுத்திய மரம் ரெண்டரில் இருபது மீட்டர் தள்ளி நிற்கும். இரண்டு அளவையும் ஒன்றாக்குங்கள். வியூபோர்ட் கனத்தால் அளவைக் குறைத்திருந்தீர்கள் என்றால், நிலத்தை விட்டுவிட்டு Is Viewport நோடை ஒரு Switch-இல் இணைத்துப் புல்லின் அடர்த்தியை மட்டும் 20-இலிருந்து 1-க்கு இறக்குங்கள். அப்போது வியூபோர்ட்டில் தெரியும் கொத்துகள் ரெண்டரிலும் அதே இடத்தில் இருக்கும், சுற்றிலும் மற்றவை கூடுதலாக முளைத்திருக்கும்.